நடை சாத்தும் நேரம்தான் ஓய்வு நேரம்

காவிரிக்கரைக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் பகல் 12 மணி, 12.30க்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகிவிடும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் குடும்பத்தோடு போகத் திட்டமிடுகிற பலருக்கு இந்த நாலு மணி நேரம் ஒரு தொந்தரவாகவே தெரிகிறது. 'அதற்குள் இன்னொரு கோயிலுக்கு ஓட்டிவிட முடியாதா?' என்று வண்டியைக் கிளப்புகிறார்கள். போய்ச் சேரும்போது அங்கேயும் நடை சாத்தியிருக்கும். வெயிலில் பூட்டிய கதவுக்கு வெளியே, எழுபது வயதைத் தாண்டியவரும் நாலு வயதுப் பிள்ளையும் காரிலேயே உட்கார்ந்து புழுங்குவார்கள். மாலை தரிசனத்துக்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், கோயில்களின் பட்டியலை அப்புறம் எழுதுங்கள். முதலில் அந்த மதிய இடைவெளியைத் தூக்கத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, ஊரில் ஒரே ஓர் இடத்தில் அறை எடுத்து, அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். காலையில் இரண்டு கோயில், மாலையில் ஒன்று. இதற்கு மேல் சேர்த்தால் பயணம் ஓட்டமாகிவிடும்.

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் போகும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாத்தாவுக்கு 74 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பாட்டிக்கு 69, முழங்கால் வலி. தாத்தாவின் தங்கை, அதாவது வீட்டில் எல்லோருக்கும் அத்தை, அவருக்கு 60. மகன், மருமகள். பிள்ளைகள் இரண்டு, ஒன்பது வயதுப் பெண்ணும் நாலு வயதுப் பையனும். மொத்தம் ஏழு பேர். தை மாதம் பொங்கல் கூட்டம் வடிந்தபிறகு, வெள்ளி முதல் திங்கள் வரை. பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட வேண்டியிருக்கும். சனி, ஞாயிறுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

ரயிலிலிருந்து தொடங்குவோம். எழும்பூரிலிருந்து மெயின் லைனில் கும்பகோணம் வழியாகப் போகும் வண்டிகளில் உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி, சோழன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி. ராத்திரி வண்டியில் ஒரு நாள் மிச்சமாகும் என்று பலர் அதைத்தான் பிடிப்பார்கள். ஆனால் அது விடிவதற்கு முன்பே கும்பகோணத்தில் இறக்கிவிடும். ஸ்டேஷன் தாண்டிப் போய்விடுமோ என்ற பயத்திலேயே பெரியவர்கள் இரவு முழுக்கக் கண் மூட மாட்டார்கள். அந்த நேரத்தில் லாட்ஜில் அறை தயாராக இல்லையென்றால் வரவேற்பறை சோபாவில்தான் இருக்க வேண்டும். பகல் வண்டி காலையில் கிளம்பி மதியத்துக்கு மேல் சேர்க்கும். ஜன்னல், வயல், வாழைத்தோப்பு என்று பிள்ளைகளுக்குப் பொழுது போகும். அதில் படுக்கை வசதிப் பெட்டியில் டிக்கெட் எடுத்தால் தாத்தா நினைத்தபோது சாய்ந்துகொள்ளலாம். எத்தனை மணிக்கு வண்டி என்பதும், எழும்பூரா தாம்பரமா என்பதும் அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பர் வரை இது 120 நாளாக இருந்தது, பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயண நாளைச் சேர்க்காமல் 60ஐ எண்ண வேண்டும். போகும் டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு, திரும்பும் டிக்கெட் திங்கட்கிழமைக்கு என்பதால் திரும்பும் டிக்கெட்டுக்கு மூன்று நாள் கழித்துத்தான் கதவு திறக்கும். போவதற்கு மட்டும் எடுத்துவிட்டு, திரும்புவதை மறந்துவிட்டுக் கடைசியில் தட்கலில் கை வைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

இனி முக்கியமான விஷயம், கீழ்ப் படுக்கை. ஏழு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட முடியாது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். ஆறு பேரை ஒன்றாகப் போட்டாலும் தாத்தாவுக்கு மேல் படுக்கை விழலாம். ரயில்வேயில் மூத்தோருக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும் அது பொருந்தும். ஆனால் தனியாகவோ, அல்லது அந்த வயதைத் தாண்டிய இரண்டு பேராகவோ பதிவு செய்தால் மட்டும்தான். கூட ஒரு பேரனைச் சேர்த்தாலும் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆகவே டிக்கெட்டைப் பிரிக்க வேண்டும். தாத்தா, பாட்டி ஒரு டிக்கெட். அத்தை தனியாக ஒன்று. மகன், மருமகள், பிள்ளைகள் ஒன்று. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் கோட்டா என்ற இடத்தில் LOWER BERTH/SR.CITIZEN என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றையும் அடுத்தடுத்த நிமிடங்களில் போட்டுவிடுங்கள். வேறு வேறு பெட்டியில் இடம் விழுந்துவிட்டால் மகன் தன் இடத்தை யாரிடமாவது மாற்றிக் கேட்டுப் பெரியவர்கள் பக்கம் போய்விட வேண்டும். கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுங்கள் என்று கேட்பதுதான் கஷ்டம், மேல் படுக்கைக்காரர் இடம் மாறச் சம்மதிப்பது பெரும்பாலும் எளிது.

மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திருப்பித் தரவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. 5 வயதுக்குக் கீழே, தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்கு உட்பட்டவருக்கு அரை டிக்கெட் எடுத்தால் இடம் தர மாட்டார்கள், இடம் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஒன்பது வயதுப் பெண்ணை ஆறு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. முழு டிக்கெட்டே எடுங்கள்.

அறைக்கு வருவோம். இணையத்தில் படத்தைப் பார்த்துப் பதிவு செய்தாலும், அதற்கு முன் லாட்ஜுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். 'லிஃப்ட் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு சார்' என்பார்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பல கட்டடங்களில் வாசலிலேயே ஏழெட்டுப் படி ஏறித்தான் லிஃப்டைப் பார்க்க முடியும். வெஸ்டர்ன் டாய்லெட் எல்லா அறையிலுமா, குறிப்பிட்ட அறைகளில் மட்டுமா? குளியலறை வாசலில் தடுக்கி விழுகிற மாதிரி மேடு உண்டா? கரண்ட் போனால் அறைக்குள் ஃபேன் ஓடுமா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலை வைத்து முடிவு செய்யலாம். செக்-அவுட் நண்பகல் 12 மணியா, அல்லது நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இரண்டு வகையும் உண்டு, நம் குடும்பம் மதியத்துக்கு மேல் நுழைவதால் 24 மணி நேரக் கணக்கு நமக்கு லாபம். முகூர்த்த நாளாக இருந்தால் அறைகளைக் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்திருப்பார்கள், கிடைத்தாலும் விடியற்காலை நாலு மணிக்கே வராந்தாவில் கலகலப்பு ஆரம்பித்துவிடும். தேதி குறிக்கும் முன் காலண்டரில் முகூர்த்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

அறை மதியத்திலும் நம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். தினம் ஓர் ஊர், தினம் ஓர் அறை என்று போனால் காலை பத்து மணிக்குள் மூட்டை கட்டி வெளியே வந்துவிட வேண்டும், மதியத்தில் முதுகைச் சாய்க்க இடமிருக்காது. கும்பகோணத்திலேயே தங்கினால் தாராசுரம் 4 கிலோமீட்டர், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், பட்டீஸ்வரம் எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள். தஞ்சாவூர் 40. கங்கைகொண்ட சோழபுரம் 35 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். எங்கே போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டிலுக்குத் திரும்பிவிடலாம்.

வண்டியைச் சென்னையிலிருந்து எடுத்து வர வேண்டியதில்லை, கும்பகோணத்திலேயே கிடைக்கும். ஏழு பேர் என்றதும் எல்லோரும் வேன் பேசுவார்கள். வேனின் முதல் படி உயரம், முழங்கால் வலி உள்ளவரை நாலு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பெரிய காரில் ஆறு பேர் ஏறலாம் என்றாலும் கடைசி வரிசைக்குள் பெரியவர்களால் நுழைய முடியாது. என் கட்சி, இரண்டு சிறிய கார். வாடகை கொஞ்சம் கூடும். ஆனால் பாட்டிக்கு முடியவில்லை என்றால் ஒரு காரில் அறைக்குத் திரும்பிவிடலாம், மற்றவர்கள் பார்த்துவிட்டு வரலாம். வேன் என்றால் ஒருவருக்கு முடியாமல் போனால் எல்லோருக்கும் முடியாமல் போகும். பேசும்போது நாள் வாடகைக்கு எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா எவ்வளவு, மீட்டர் கணக்கு ஷெட்டிலிருந்தா நம் லாட்ஜிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருநள்ளாறு போகும் எண்ணம் இருந்தால் அது புதுச்சேரியின் காரைக்காலில் இருக்கிறது, வாடகை வண்டிக்கு பெர்மிட் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

இப்போது நாட்களை அடுக்குவோம். எந்தக் கோயிலுக்கு எந்த நாளில் போகக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும். உப்பிலியப்பன் கோயிலுக்குச் சனிக்கிழமைதான் விசேஷம் என்று பாட்டி சொல்வார். விசேஷம் என்பதாலேயே அன்றைக்குக் கூட்டம். பக்கத்திலேயே இருக்கும் திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நாகநாதருடைய கோயிலில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் நடக்கும், ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை என்பதால் அந்த நேரத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. ஆலங்குடிக்கு வியாழன், வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் செவ்வாய், சுவாமிமலைக்குக் கிருத்திகை, தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பிரதோஷ மாலை. பெரியவர்களோடு போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். அந்த நாளில்தான் வேண்டுதல் என்று இருந்தால் அந்த ஒரு கோயிலோடு அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள். 2028இல் மகாமகம் வருகிறது, அந்த மாசி மாதத்தை இந்த மாதிரிப் பயணத்துக்கு யோசிக்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் இறங்கியதும் சாப்பாடு, தூக்கம். மாலை ஐந்தரைக்கு மேல் ஊருக்குள்ளேயே ஆதி கும்பேஸ்வரர் கோயில், ஆட்டோவில் போய் வரலாம். அவ்வளவுதான் அன்றைக்கு. ஒரு டிகிரி காபியோடு முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும்.

சனிக்கிழமை காலை 6.45க்குக் கிளம்பி சுவாமிமலை. படி ஏறுகிற கோயிலை அன்றைய முதல் கோயிலாக வைத்துக்கொள்வது நல்லது, கால் புதிதாக இருக்கும், கல் குளிர்ந்திருக்கும். இங்கே 60 படி. பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருடங்களுக்கும் ஒவ்வொன்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படி ஏற வைக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. 2018 சித்திரைக்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் விளம்பி, 2020 என்றால் சார்வரி, நம் படி எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். அதே கணக்கு தாத்தாவுக்கும் உதவும். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்ளட்டும், கைப்பிடி இருக்கும் ஓரமாக ஏறட்டும். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை, அப்போது ஒருவர் பெரியவருக்கு ஒரு படி முன்னால் இறங்க வேண்டும், பக்கத்தில் நடப்பதில் பயனில்லை. ஏற முடியவே முடியாது என்றால் கீழ்த் தளத்திலேயே மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னதி இருக்கிறது, பாட்டி அங்கே உட்கார்ந்து தரிசனம் செய்யலாம். அவரோடு அத்தை இருக்கட்டும். யாரையும் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இங்கே தாத்தாவின் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பயணத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். தரிசனம் முடிந்துதான் சாப்பிடுவேன் என்று விரதமாக இருப்பார், ஆனால் பழக்கத்தில் காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிடுவார், சிலர் இன்சுலினைப் போட்டுக்கொள்வார்கள். வரிசை நீண்டு சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், பசி, சொன்னதையே திரும்பச் சொல்வது, காரணமில்லாத எரிச்சல், இதெல்லாம் அதன் அடையாளம். 'ஏன் இப்படி எரிஞ்சு விழுறீங்க?' என்று சண்டை போடாமல் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பிறகு சாப்பாடு. மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். இதற்கெல்லாம் வேலை வைக்காமல் இருக்க வழி, சாப்பாடு எங்கே எப்போது என்று தெரிந்தபிறகுதான் மாத்திரை. விரதத்தன்று எந்த மாத்திரையை எப்போது என்பதைக் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதைக் கோயில் வாசலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகக்கூடாது, வெயிலில் மூடிய காருக்குள் அது கெட்டுவிடும், கைப்பையிலேயே எடுத்துப் போக வேண்டும்.

சுவாமிமலையில் எட்டு மணிக்கு முடியும். வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் தாராசுரம். ஐராவதீஸ்வரர் கோயில் பிள்ளைகளுக்கென்றே செதுக்கினாற்போல இருக்கும். குதிரை பூட்டிய தேர்ச் சக்கரம், ஒரே தலையை யானையும் காளையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம். 'அந்த ஒற்றைத் தலையைக் கண்டுபிடி' என்று விட்டுவிட்டால் ஒன்பது வயதுப் பெண் ஒரு மணி நேரம் கேள்வி கேட்காமல் சுற்றும். பெரியவர்களுக்கு மண்டபத் திண்ணை. மழைக்காலத்தில் முன்புறம் பள்ளமாக இருப்பதால் தண்ணீர் நிற்கும், தையில் அந்தக் கவலை இல்லை. பத்தரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் பிராகாரத்துக் கல் சூடேறிவிடும்.

கல் சூடு என்பதைச் சிலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நீண்ட நாளாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மற்றவர்கள் துள்ளிக்கொண்டு ஓடும் கல்லில் அவர் நிதானமாக நடப்பார், பக்திதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ராத்திரி பார்த்தால் பாதத்தில் கொப்புளம். அது ஆறுவதற்கு வாரக்கணக்காகும், சீழ் பிடித்தால் ஆபத்து. கனமான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கட்டும், நிழல் ஓரமாகவும் தரையில் விரிப்பு போட்ட இடமாகவும் போகட்டும். தினம் ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தையும் விரல் இடுக்கையும் ஒரு தடவை விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அவரால் குனிந்து பார்த்துக்கொள்ள முடியாது.

பதினொரு மணிக்கு அறை. சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்குத் தஞ்சாவூருக்குக் கிளம்பினால் நாலேகாலுக்கு மேல் பெரிய கோயில். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், கோபுர வாசலில் செருப்பை விட்டால் கருவறை வரை நீண்ட நடை, படிகளும் உயரம். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முடியாதவர்களைத் திருச்சுற்று மாளிகை நிழலில் உட்கார வைக்கலாம், பிள்ளைகள் புல்வெளிப் பக்கம் ஓடட்டும். வெயில் இறங்கும் நேரம் என்பதால் எல்லோருக்கும் இந்த இரண்டு மணி நேரம் சுகமாகவே இருக்கும். ஏழு மணிக்குள் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிடுவார்கள்.

பயணத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், வெளியே கழிப்பறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். 'தாகமில்லை' என்பார்கள். சாயங்காலம் தலைசுற்றல், ராத்திரி மலச்சிக்கல், ஊர் திரும்பிய மறுநாள் சிறுநீர்க் கடுப்பு. வற்புறுத்தித் தண்ணீர் கொடுப்பதால் இது தீராது, அடுத்த கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'அம்மா, இட்லி சாப்பிடப் போற ஹோட்டலில் வெஸ்டர்ன் இருக்கு, கேட்டுட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரே பாட்டிலைக் கேட்டு வாங்குவார். ஆகவே காலை டிபனுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது இட்லியின் மென்மையைவிடக் கழிப்பறையைப் பாருங்கள். தஞ்சாவூர் போகும் வழியில் பெரிய பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தலாம். சாலை வழிப் பயணம் முழுக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கேட்காவிட்டாலும், நிறுத்திவிடுங்கள். கேட்டால் தொந்தரவு என்று நினைத்துத்தான் அவர்கள் கேட்பதில்லை. பிரஷருக்குச் சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும். மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது, நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். பாட்டியால் குத்துக்காலிட முடியாது என்றால் மடக்கு கமோடு ஸ்டூல் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டால் நிம்மதி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உப்பிலியப்பன். பெயருக்கேற்ப இங்கே பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம், பிரசாதமும் அப்படித்தான். பிரஷர்காரர்கள் கணக்குப் பார்க்காமல் சாப்பிடக்கூடிய கோயில் பிரசாதம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சர்க்கரைக்காரர்கள் பொங்கலில் கை வைக்கும் முன் யோசிக்கட்டும். அங்கிருந்து நாகநாதர் கோயில் கூப்பிடு தூரம். இரண்டையும் முடித்துப் பத்து மணிக்குள் அறைக்கு வந்துவிடலாம். சிறப்பு தரிசனச் சீட்டு இருந்தால் பெரியவர்களுக்காக வாங்கிவிடுங்கள், பக்தியில் ஒன்றும் குறைந்துவிடாது. அறநிலையத் துறையின் hrce.tn.gov.in தளத்தில் பல கோயில்களுக்கு தரிசன, அர்ச்சனைச் சீட்டுகளும் சில கோயில்களின் தங்கும் அறைகளும் பதிவு செய்ய முடியும். கும்பகோணம் பக்கத்தில் சாதாரண நாளில் அதற்கு அவசியமே இருக்காது. திருப்பதி போல மாதங்களுக்கு முன்பே தரிசனத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பதாலும்தான் பெரியவர்களுக்கு இந்த வட்டாரம் ஏற்றது.

ஞாயிறு மாலை எதுவும் இல்லை. வேண்டுமென்றே இல்லை. பாட்டி இங்கேதான் பிடித்துக்கொள்வார். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஆலங்குடி பார்க்கலேன்னா எப்படிடா? அப்படியே நவக்கிரகம் ஒன்பதையும் முடிச்சுட்டா என்ன?" ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்ட கும்பகோணத்திலிருந்து அரசுப் பேருந்தே இருக்கிறது, காலையில் கிளம்பி ராத்திரி திரும்பும். வாலிபர்களுக்கு அது சரி. திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம், கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில். ஒன்பது முறை ஏறி, ஒன்பது முறை இறங்கி, ஒன்பது முறை செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். பாட்டியிடம் ஒன்பதில் எந்த ஒன்று முக்கியம் என்று கேளுங்கள். ஆலங்குடி என்றால் 17 கிலோமீட்டர்தான், அந்தக் காலி மாலையில் போய்விட்டு வரலாம். யாருக்காவது முந்தின நாள் காய்ச்சல் வந்து ஒரு கோயில் விட்டுப்போயிருந்தால் அதற்கும் இதே மாலைதான். ஒன்றுமே இல்லையென்றால் மகாமகக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகளுக்கு அதுவும் பிடிக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதும் முக்கியம். "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று தாத்தா சொன்னால் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு முடியவில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார். அந்தக் கோயிலோடு அன்றைக்குப் போதும். நாலு வயதுப் பையன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தால், பிடிக்காமல் அல்ல, தூக்கம் வந்துவிட்டது. கூட்டத்தில் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் அவன் சட்டைப் பையில் அப்பாவின் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள், தாத்தா பையிலும் ஒன்று, அதில் அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் இருக்கட்டும். 'பிரிந்துவிட்டால் கொடிமரத்தடியில்' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்துக்கொண்டால் எந்தக் கோயிலிலும் தேடுவது சுலபம்.

திங்கள் காலை கோயில் கிடையாது. நிதானமாக எழுந்து மூட்டை கட்டி, கடைத்தெருவில் வெற்றிலை, பாத்திரம் என்று பாட்டிக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு மதியத்தை ஒட்டி வரும் சோழனைப் பிடித்தால் இருட்டும் நேரத்துக்குச் சென்னை. மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திட்டத்தில் உள்ள ஒவ்வொரு கோயில் அலுவலகத்துக்கும் ஃபோன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். திருப்பணிக்காகப் பாலாலயம் செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் கும்பாபிஷேகம் முடியும் வரை மூலவரைத் தரிசிக்க முடியாமல் போகலாம், அவ்வளவு தூரம் பெரியவர்களைக் கூட்டிப்போய் ஏமாற வேண்டியிருக்கும். நீங்கள் போகும் நாளில் கிரகணமோ உற்சவமோ வந்து நடை நேரம் மாறுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு காருக்கு முன்பணம் கொடுங்கள்.